தலைக்குப் பவுடர் போடுகிறவர்களுக்கு

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், தலைக்குக் குளிக்க நேரமில்லாத நாளில் டிரை ஷாம்பு அடித்துக்கொள்ளலாமா? அதை வாங்கக் காசு அதிகம், சாதாரண பவுடரே போதுமா? தினமும் போட்டால் முடி கொட்டுமா?" தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதினால் எல்லோருக்கும் உதவும். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். ப்ளஸ் டூவில் என்னிடம் வேதியியல் படித்தவர்களுக்குப் பாதி விஷயம் தெரிந்ததாகவே இருக்கும்.

முதலில், தலையில் பிசுபிசுப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு முடி வேரின் பக்கத்திலும் ஒரு சிறிய எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் எண்ணெய்க்கு சீபம் என்று பெயர். கொழுப்பும் மெழுகும் கலந்த பொருள் அது. தோல் வறண்டுபோகாமல் காப்பது அதன் வேலை. நாம் குளித்த அன்று சாயங்காலமே அது மறுபடி சேரத் தொடங்கிவிடும். அதோடு வியர்வை, தெருத்தூசி, உதிர்கிற செத்த தோல் எல்லாம் சேர்கின்றன. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் முடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படிந்து கிடப்பது இதனால்தான்.

இப்போது அந்த முடிமேல் நைசான ஒரு மாவைத் தூவுகிறோம். என்ன நடக்கிறது? சமையலறையில் எண்ணெய் கொட்டிவிட்டால் அதன் மேல் ஒரு கைப்பிடி மாவைப் போடுவோம் இல்லையா, அதேதான். மாவின் துகள்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. திரி எண்ணெயை இழுப்பது போல. பார்க்க எண்ணெய் காணாமல் போன மாதிரி இருக்கும். முடி பிரிந்து, உப்பி நிற்கும். டிரை ஷாம்பு டப்பாவில் பெரும்பாலும் இருப்பது அரிசி ஸ்டார்ச். லேபிளில் "ஒரைசா சட்டைவா ஸ்டார்ச்" என்று போட்டிருப்பார்கள். ஒரைசா சட்டைவா என்றால் நம் நெல்லின் தாவரவியல் பெயர், தாவரவியல் எடுத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அரிசி ஸ்டார்ச்சைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் நைசு. ஒரு துகளின் அளவு ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான். துகள் சிறியதாக இருந்தால் மேற்பரப்பு அதிகம், அதனால் கொஞ்சம் மாவு நிறைய எண்ணெயை இழுக்கும்.

ஆனால் சமையலறைத் தரையில் மாவைப் போட்ட பிறகு நாம் என்ன செய்வோம்? கூட்டி அள்ளி வெளியே போடுவோம். தலையில் அந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. எண்ணெய் குடித்த மாவு அங்கேயே, முடி வேரிலேயே இருக்கிறது. பிரஷ் போட்டால் கொஞ்சம் உதிரும். எண்ணெயோடு தோலில் ஒட்டிக்கொண்டது உதிராது. ஆகவே டிரை ஷாம்பு என்பது பெயரில் மட்டும்தான் ஷாம்பு. அது அழுக்கை எடுக்காது. இருக்கிற அழுக்கைப் பார்வைக்குத் தெரியாமல் வைக்கும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

என் பெரியம்மா மகள் ஒருமுறை கேட்டாள்: "நாம அந்தக் காலத்துல சீயக்காய்ப் பொடி போட்டோமே, அதுவும் பொடிதானே?" நல்ல கேள்வி. சீயக்காயில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீரில் கரைத்தால் நுரை வருவது அதனால்தான். சப்போனினின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், இன்னொரு முனை தண்ணீரைப் பிடிக்கும். மேலே தண்ணீர் ஊற்றும்போது எண்ணெயை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். ஷாம்புவும் அதே வேலையைத்தான் செய்கிறது. அரிசி மாவுக்கோ முகப் பவுடருக்கோ அந்த இரண்டு முனை கிடையாது. தண்ணீரும் இல்லை. பிடித்த எண்ணெயை எடுத்துக்கொண்டு போக வழியே இல்லை.

இனி என் தம்பி மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டு, அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

பெங்களூரில் வேலை, இரவு ஷிஃப்ட். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அங்கே லாரித் தண்ணீர், அதுவும் காலையில் ஒரு மணி நேரம்தான். நல்ல நீளமான, அடர்த்தியான முடி அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் தலைக்குக் குளிப்பாள். செவ்வாய் முதல் சனி வரை, வேலைக்குக் கிளம்பும் முன்பு டிரை ஷாம்பு. முதலில் டப்பா ஸ்ப்ரே வாங்கினாள். அது தீர்ந்தபோது, மாதக் கடைசி என்பதால், சாதாரண டால்கம் பவுடரை எடுத்து வேரில் தட்டிக்கொண்டாள். பிறகு மறுபடி ஸ்ப்ரே. இப்படி ஐந்து வாரம்.

மூன்றாவது வாரத்திலேயே அரிப்பு ஆரம்பித்திருக்கிறது. கறுப்புச் சுடிதார் தோளில் வெள்ளையாக உதிர்ந்தது. பொடுகு என்று நினைத்து, கடையில் பொடுகு ஷாம்பு வாங்கி ஞாயிற்றுக்கிழமை போட்டாள். நிற்கவில்லை. அவள் அம்மாவிடம் போனில் சொன்னதும், "எண்ணெயே வைக்கிறதில்ல, தலை காய்ஞ்சுபோச்சு. அதான்" என்று சொல்லி, சனிக்கிழமை இரவு தேங்காய் எண்ணெயை நன்றாக வேரில் தேய்த்து ஊறவைக்கச் சொன்னாள். ஏற்கெனவே பொடி படிந்த தலையில் எண்ணெய் போனால் என்ன ஆகும்? மாவு பிசைந்த கதைதான். சீப்பின் பல்லுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் பசை போல வந்தது. அதைப் பார்த்து அவள் பயந்துபோனாள்.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது கொத்தாக முடி வந்தது. உடனே ஒரு முடி சிகிச்சை கிளினிக்குக்குப் போனாள். தலையைப் பிரித்துப் பார்த்தார்களோ இல்லையோ, ஆறு தவணை சிகிச்சை என்று சொல்லி, இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையைக் கேட்டார்கள். முன்பணம் கட்ட நாள் குறித்துவிட்டு, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். "அத்தை, எனக்கு இருபத்தாறு வயசுலயே வழுக்கை விழப்போகுது" என்று என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

முற்றத்து வெயிலில் உட்காரவைத்து, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தேன். முடியின் வேர் ஓரத்தில் வெள்ளையாக, உருட்டிவிட்ட மாதிரிச் சிறு சிறு கட்டிகள். முடியைச் சுற்றி ஒரு வளையம் போலச் சில இடங்களில் ஒட்டியிருந்தது. இது பொடுகா, பொடியா? பார்த்ததும் சொல்ல முடியவில்லை. ஆனால் அரிசி ஸ்டார்ச் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதே. ஸ்டார்ச்சைக் கண்டுபிடிக்க என்ன சோதனை? ஒன்பதாம் வகுப்பிலேயே செய்திருக்கிறோம், அயோடின் சோதனை!

எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். நீங்களும் வீட்டில் செய்யலாம். நைசான சீப்பால் வேரிலிருந்து வாரி, உதிர்ந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் தட்டிக்கொண்டோம். அதன் மேல் ஒரு ஸ்பூன் கொதிநீர் விட்டு, ஸ்பூனின் முதுகால் நசுக்கினோம். எண்ணெய் பூசிய துகள் சுலபத்தில் நனையாது, அதனால்தான் சூடும் நசுக்கலும். பிறகு நன்றாக ஆறவிட்டோம். சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் காட்டாது, இதைப் பரீட்சையில்கூடக் கேட்பேன். காயத்துக்குப் போடும் பவிடோன் அயோடின் மருந்தை இரண்டு சொட்டு எடுத்து, ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து, வெளிர் டீ நிறத்துக்குக் கொண்டுவந்து அதில் சில சொட்டு விட்டோம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் மூன்று தட்டு வைத்தோம். ஒன்றில் அரிசி மாவு, ஒன்றில் அவளுடைய டால்கம் பவுடர், ஒன்றில் என் குதிகாலில் சுரண்டிய காய்ந்த தோல். எல்லாவற்றுக்கும் அதே கொதிநீர், அதே சொட்டு. தலையில் நேராக அயோடின் விடாதீர்கள், கறையாகும்.

அரிசி மாவு கருநீலமானது. டால்கம் பவுடரில் மாற்றமில்லை, ஏனென்றால் அது ஸ்டார்ச் இல்லை, அரைத்த கல். தோலிலும் மாற்றமில்லை. அவள் தலையிலிருந்து வந்ததில் பெரும்பகுதி கருநீலம், கொஞ்சம் மட்டும் பழுப்பாகவே நின்றது. அந்தத் தட்டைப் பார்த்ததும் பெண்ணின் முகம் மாறியதே, அதைப் பார்க்க வேண்டும்! பொடுகு என்று ஒரு மாதமாக அவள் பயந்துகொண்டிருந்ததில் பெரும்பகுதி, அவளே காசு கொடுத்து வாங்கித் தூவிய அரிசி மாவு.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு முறைக்கு அரை ஸ்பூன் பொடி என்று வைத்தால், வாரத்துக்கு ஐந்து முறை, இரண்டரை ஸ்பூன். அதை எடுக்க அவள் செலவழித்தது ஒரு வாளித் தண்ணீர், ஒரு தடவை ஷாம்பு. அடர்த்தியான முடியில் அது மேலோடு போய்விடும், வேருக்கு எட்டாது. போன வார மிச்சத்தின் மேல் இந்த வாரப் பொடி. இப்படி ஐந்து வாரம் ஏறியிருக்கிறது.

முடி கொட்டுவதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு மனிதருக்கு ஒரு நாளில் ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது இயல்பு. தினமும் அலசி, வாரிக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், கண்ணில் படாது. பொடியும் எண்ணெயும் ஒட்டிப் பிடித்து, வாரம் முழுக்கக் கொண்டையாகவே இருந்தால், கழன்ற முடியும் உள்ளேயே சிக்கிக்கொண்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் முடியும் சேர்ந்து வரும். முந்நூற்றைம்பது, எழுநூறு முடி ஒன்றாகக் கையில் வந்தால் யாருக்குத்தான் பயமில்லை? பொடி வேரைக் கொன்றுவிடாது. ஆனால் தோலில் அரிப்பும் அழற்சியும் நீடித்தால் உதிர்வது கூடலாம், சொறிந்து சொறிந்து முடி பாதியில் உடையவும் செய்யும். அதனால் "ஒன்றும் ஆகாது" என்று விட்டுவிடவும் கூடாது.

அந்தப் படிவு தலையில் என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற ஒரு வகை ஈஸ்ட் வாழ்கிறது. அதன் சாப்பாடு நம் தலை எண்ணெய்தான். ஸ்டார்ச்சை அது சாப்பிடாது. ஆனால் ஸ்டார்ச் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய் அதற்குப் பந்தி போட்ட மாதிரி. அது கொழுப்பை உடைக்கும்போது வெளிவரும் அமிலங்கள் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. அரிப்பு, சிவப்பு, செதில் எல்லாம் அதனால் வரும். பொடுகு உடம்பு உள்ளவர்கள் கழுவாமல் பொடி மேல் பொடி போட்டால் பொடுகு கூடுவது இதனால்தான். அடுத்தது, முடி வெளியே வரும் துளையின் வாய் அடைபட்டு, வேரைச் சுற்றிச் சிறு சிறு கொப்புளம், சில சமயம் சீழோடு வரும். தொட்டால் வலிக்கும். அது படிவு எல்லை மீறியதற்கு அடையாளம்.

சரி, அவளுக்கு என்ன செய்தோம்? பணம் கட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொன்னேன். பொடி, எண்ணெய் இரண்டும் இரண்டு வாரத்துக்கு நிறுத்தம். தண்ணீர் ஊற்றும் முன்பு காய்ந்த முடியிலேயே, தலையைக் கவிழ்த்து, செய்தித்தாளின் மேல் ஐந்து நிமிடம் பிரஷ் போட்டு உதிர்கிறதை உதிர்த்துவிட்டோம். இந்தப் படியை யாரும் செய்வதில்லை. உலர்ந்த பொடி தானாக விழும், நனைந்தால் ஒட்டும். குளிக்கிற வெந்நீரில் ஸ்டார்ச் கரையாது. கஞ்சி போல ஆக அறுபது எழுபது டிகிரி சூடு வேண்டும். தலையில் அந்தச் சூட்டை ஊற்ற முடியாது. எனவே அதைக் கரைத்து எடுக்கப் பார்ப்பதில் பயனில்லை. அதைப் பிடித்திருக்கும் எண்ணெயை அவிழ்த்தால் அது தானாக வழிந்து போய்விடும்.

பிறகு வேர் வரை நன்றாக நனையும்படி இரண்டு நிமிடம் தண்ணீர். ஷாம்புவை நேராகத் தலையில் கொட்டாமல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கரைத்து, வகிடு வகிடாக ஊற்றி, விரல் நுனியின் சதையால் தேய்த்தல். நகம் படக் கூடாது. முதல் தடவை நுரையே வராது. வந்த எண்ணெயோடு சரியாகிவிடும். அலசிவிட்டு இரண்டாவது தடவை போட்டால்தான் நுரை வரும், அப்போதுதான் தோலுக்கு எட்டியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிடம் விட்டு, நிறையத் தண்ணீரில் அலசல். கண்டிஷனர் முடியின் கீழ்ப் பாதிக்கு மட்டும். உப்புத் தண்ணீர் இருக்கிற வீட்டில் சோப்புக் கட்டியைத் தலைக்குப் போடாதீர்கள். கால்சியத்தோடு சேர்ந்து அதுவே ஒரு வெள்ளைப் படிவை விட்டுவிடும், பழைய சங்கடத்தோடு புதியதும் சேரும்.

இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் மறுபடி அதே மாதிரி. மூன்றாவது குளியலுக்குப் பிறகு வாரி எடுத்த செதிலில் அயோடின் விட்டோம். கருநீலமே இல்லை. அரிப்பு பாதிக்குமேல் குறைந்துவிட்டது. ஆனால் முழுதும் போகவில்லை. காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும் மஞ்சளாக, பிசுக்கோடு செதில் மட்டும் நின்றது. முதல் சோதனையில் பழுப்பாகவே நின்ற பகுதி அதுதான். உண்மையான பொடுகு. பொடிக்கு அடியில் அது ஒளிந்துகொண்டிருந்தது. அவள் வாங்கிய பொடுகு ஷாம்பு வேலை செய்யாததற்கும் அதுதான் காரணம். மருந்து தோலுக்குப் போய்ச் சேரவேயில்லை.

அதற்குத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் இரண்டு முறை, போட்டு ஐந்து நிமிடம் வைத்திருந்து அலசச் சொன்னார். நான்கு வாரத்தில் தலை சுத்தம். ஹாஸ்டலில் இப்போது புதனும் ஞாயிறும் தலைக்குக் குளிக்கிறாள். முந்தின நாளே ஒரு வாளி கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்கிறாள். கிளினிக்குக்குப் பணம் கட்டவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். போடலாமா? போடலாம். இரண்டு குளியலுக்கு நடுவில் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை. அதற்குப் பிறகு தண்ணீரும் ஷாம்புவும்தான், மூன்றாவது தடவை பொடி கிடையாது. எண்ணெய் வைத்த தலையில் போடவே கூடாது. வியர்வையில் ஈரமாக இருக்கும் தலையிலும் கூடாது. நம் ஊர் புழுக்கத்தில் இதுதான் முக்கியமான தவறு. பஸ்ஸில் இறங்கி வந்து, வியர்வையோடு அப்படியே தூவினால் பசையாகிவிடும். ஃபேனில் உட்கார்ந்து வேர் காய்ந்த பிறகு போடுங்கள், போடும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

ஸ்ப்ரே என்றால் தலையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடித்து, எண்ணெய் படிகிற உச்சி, நெற்றி ஓரம் ஆகிய இடங்களில் மட்டும், ஒரு நொடி ஒரு நொடியாக அடிக்க வேண்டும். பக்கத்தில் வைத்து அடித்தால் ஒரே இடத்தில் வெள்ளையாகத் திட்டு விழும். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால்தான் அது எண்ணெயை இழுக்கும். பிறகு விரலால் தேய்த்து, பிரஷ் போட்டு உதிர்த்துவிட வேண்டும். உதிர்ப்பதுதான் பாதி வேலை. அந்த டப்பாவை வெளியே தள்ளும் வாயு பியூட்டேன், புரொப்பேன். நம் சமையல் சிலிண்டரில் இருப்பதும் அதுவேதான். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் அடிக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் டப்பாவை விடாதீர்கள். 2022 அக்டோபரில் அமெரிக்காவில் யூனிலீவர் நிறுவனம் தன் ஸ்ப்ரே டிரை ஷாம்புகள் சிலவற்றை, பென்சீன் கலந்திருக்கலாம் என்று கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அந்த வாயுவோடு வந்த கலப்படம் அது. ஜன்னலைத் திறந்து வைத்து அடிப்பது நல்லது.

சாதாரண பவுடர் போதுமா என்றால், எந்தப் பவுடர் என்று பார்க்க வேண்டும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் டால்க் என்ற கல்லை அரைத்தது. தண்ணீரில் நனையாது, எண்ணெயோடு ஒட்டும். அதனால் தலையிலிருந்து எடுப்பது ஸ்டார்ச்சைவிடக் கஷ்டம். அதோடு அதைத் தலைக்குமேல் தட்டும்போது முகத்துக்கு நேராக மேகம் போல எழும், மூச்சில் போகும். 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டால்க்கை "மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. ஒரு முறை போட்டதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் தினசரிப் பழக்கமாக்க அது ஏற்ற பொருள் இல்லை. கடையில் விற்கும் கார்ன்ஃப்ளார் மேலானது. அரை ஸ்பூன் எடுத்து, கையில் பரப்பி, விரல் நுனியால் வேரில் தொட்டுவைத்து, பிறகு வாரி உதிர்த்தால் போதும். வீட்டில் அரைத்த அரிசி மாவு வேண்டாம். நைசு போதாது, எண்ணெயை இழுக்காமல் மணலாக உட்காரும். சமையல் சோடா வேண்டவே வேண்டாம். அது காரத்தன்மை, தலைத் தோல் லேசான அமிலத்தன்மை. எரிச்சல்தான் மிஞ்சும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் எந்தப் பொடியும் தலையில் தூவாதீர்கள். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட உறவினர்களும்தான். தலைக்கு ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாட்களில் பவுடர் போட்டுவிட்டால், அது உதிர்ந்து விழுவது கண்ணில்தான். அதைவிட, துண்டை நனைத்து நன்றாகப் பிழிந்து, பின்னந்தலையில் வேர் வேராகத் துடைத்துவிட்டால் போதும். துண்டில் ஒட்டி வருவது வெளியே போய்விடுகிறது. பொடியில் அது நடக்காது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால், பொடியை நிறுத்தி இரண்டு வாரம் ஒழுங்காகக் கழுவியும் அரிப்போ செதிலோ நின்றால், வேரில் சீழ் வைத்தால், வட்டமாக ஒரு இடத்தில் முடி போனால், காது, கழுத்து ஓரத்தில் தடிப்பு வந்தால். கடைசியாகச் சொன்னது வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாததால் வரலாம். போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். "தலைக்கு என்ன போடுகிறீர்கள்" என்று டாக்டர் கேட்டால் பவுடரையும் சொல்லுங்கள். பலரும் ஷாம்பு பெயரை மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

வீட்டுப்பாடம் ஒன்று தருகிறேன். பொடி போடுகிறவர்கள் அடுத்த குளியலுக்கு முன்பும், குளித்து நன்றாகக் காய்ந்த பிறகும், தலையை வாரி எடுத்ததில் அயோடின் சோதனை செய்து பாருங்கள். டால்க் போடுகிறவர்களுக்கு இது காட்டாது, அவர்கள் கறுப்புத் துணியில் வாரிப் பார்த்துக்கொள்ளுங்கள். குளித்த பிறகும் கருநீலம் வந்தால், நீங்கள் கழுவுவது போதவில்லை என்று அர்த்தம். என்ன நிறம் வந்தது என்று கீழே எழுதுங்கள். மார்க் போடுகிறேன்.